ஆர்டர் கன்பர்ம் ஆச்சுங்களா?

திருப்பூரில் எல்லாமே வாய்ப்பேச்சில்தான் ஓடுது என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மைதான். டெய்லர் ஒரு கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறுவது டீக்கடைப் பேச்சிலேயே முடிந்துவிடும். "ஷிப்டுக்கு எவ்வளவுங்க? சனிக்கிழமை சம்பளம் உண்டுங்களா?" இவ்வளவுதான் இன்டர்வியூ. ஆனால் அதே கம்பெனி, வெளிநாட்டு பையரிடம் பேசும்போது வாய்ப்பேச்சை நம்பவே நம்பாது. மெயிலில் பர்ச்சேஸ் ஆர்டர் வந்து, அதை வரிவரியாகப் பார்த்து, "கன்பர்ம்" என்று பதில் போடும்வரை ஒரு கிலோ நூல்கூட வாங்க மாட்டார்கள்.

எனக்கு கேம்பஸில் வேலை கிடைத்தபோது இந்த இரண்டாவது திருப்பூர்தான் உதவியது. வேலை ஒரு நிட்வேர் ஏற்றுமதி நிறுவனத்தில், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவில், டிரெய்னி. தையல் லைனில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எத்தனை விநாடி ஆகுது என்று அளப்பது, லைன் பேலன்ஸ் பண்ணுவது போன்ற வேலை. ஆபர் லெட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை மெயிலில் வந்தது. ஏழு நாளுக்குள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பணும். இல்லையென்றால் ஆபர் தானாகவே காலாவதி ஆகிவிடும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

நம்மில் பல பேர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? கையெழுத்துப் போட்டு, "தேங்க்யூ சார்" என்று அனுப்பிவிட்டு ஸ்டேட்டஸ் போடுவோம். என் மாமா இருபது வருடமாக மெர்ச்சன்டைசர். அவரிடம் லெட்டரைக் காட்டினேன். அவர் வாழ்த்துகூட சொல்லவில்லை. "கண்ணு, பி.ஓ. வந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி காஸ்டிங் ஷீட்டையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கோணும். நாம 160 ஜி.எஸ்.எம்.முக்கு விலை சொல்லியிருப்போம், பி.ஓ.வுல 180ன்னு வந்திருக்கும். பாக்காம கன்பர்ம் பண்ணிட்டா முடிஞ்சுது" என்றார்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 160 என்பது 180 ஆனால் அதே அளவு துணிக்கு எட்டில் ஒரு பங்கு நூல் அதிகம் வேண்டும். விலை மட்டும் பழைய விலை. அந்த நஷ்டத்தை பையர் தரமாட்டார், ஏனென்றால் நீங்கள்தான் கன்பர்ம் பண்ணினீர்கள்.

சரி, என் விஷயத்தில் காஸ்டிங் ஷீட் எது? இன்டர்வியூவிலும் அதற்குப் பிறகு போனிலும் எச்.ஆர். மேடம் சொன்னது. அதை நான் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தேன். லெட்டரை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்று இடம் ஒட்டவில்லை.

முதலாவது, சேரும் தேதி. போனில், "பரீட்சை எல்லாம் முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். லெட்டரில் ஜூன் 1. எனக்கோ புராஜெக்ட் வைவா ஜூன் 5. இரண்டாவது, சான்றிதழ். சேரும் நாளில் ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. நமக்கு ரிசல்ட்டே ஜூனில் எப்போது வரும் என்று தெரியாது. அதற்குப் பிறகுதான் புரொவிஷனல். டிகிரி சர்டிபிகேட் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு. அதாவது, அந்த வரியை அப்படியே ஒத்துக்கொண்டால், என்னால் செய்யவே முடியாத ஒன்றை செய்வதாக எழுதிக் கொடுக்கிறேன். மூன்றாவது, வேலை நேரம். லெட்டரில் "கம்பெனி விதிகளின்படி" என்று மட்டும் இருந்தது. திருப்பூரில் பிறந்த யாருக்கும் இது லேசான விஷயம் இல்லை. இங்கே ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேர வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட். டெய்லருக்கு அந்த அரை ஷிப்டுக்குக் காசு உண்டு. மாதச் சம்பள ஸ்டாப்புக்குப் பெரும்பாலும் கிடையாது.

இப்போது கேள்வி: இதையெல்லாம் அக்செப்டன்ஸ் மெயிலிலேயே எழுதிவிடலாமா? "ஆபரை ஏற்கிறேன், ஆனால் ஜூன் 15 அன்றுதான் சேர்வேன்" என்று?

இங்கேதான் மூன்றாம் வருடம் நாம் தூங்கிய சட்டப் பாடம் வேலைக்கு வருது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 7ஆவது பிரிவு. ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும். "ஆனால்" என்று ஒரு புது நிபந்தனை சேர்த்த அடுத்த நொடி அது ஏற்பு இல்லை. அது நீங்கள் கம்பெனிக்குக் கொடுக்கும் எதிர் ஆபர். இனி ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

இதற்கு எல்லாச் சட்டப் புத்தகத்திலும் வரும் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு இருக்கிறது. 1840, ஹைட் எதிர் ரெஞ்ச். ரெஞ்ச் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருகிறேன் என்றார். ஹைட் 950 தருகிறேன் என்றார். ரெஞ்ச் முடியாது என்றார். உடனே ஹைட், "சரி, அந்த 1,000க்கே வாங்கிக்கிறேன்" என்றார். ரெஞ்ச் தரவில்லை. கோர்ட் ரெஞ்ச் பக்கம் நின்றது. 950 என்று சொன்ன நேரத்திலேயே பழைய 1,000 பவுண்டு ஆபர் செத்துவிட்டது. செத்ததை நீங்களாக எழுப்பி ஏற்றுக்கொள்ள முடியாது.

அப்படியென்றால் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். அதற்கும் ஒரு வழக்கு, 1880, ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன். இரும்பு வியாபாரம். டன் 40 ஷில்லிங், திங்கட்கிழமைவரை ஆபர் திறந்திருக்கும் என்றார் விற்பவர். வாங்குபவர் ஒரு தந்தி அடித்தார்: இரண்டு மாதத்தில் பிரித்து டெலிவரி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்வீர்களா? விற்பவர் பதிலே சொல்லாமல் இரும்பை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். அது வாங்குபவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர் 40 ஷில்லிங்குக்கே சரி என்று தந்தி அடித்துவிட்டார். இங்கே கோர்ட் வாங்குபவர் பக்கம். அவர் விலையையோ ஆபரையோ மறுக்கவில்லை, ஒரு தகவல்தானே கேட்டார்! கேள்வி கேட்டால் ஆபர் சாகாது.

ஆக "ஜூன் 15 தந்தால் சேர்கிறேன்" என்பதற்கும், "ஜூன் 5 அன்று எனக்கு வைவா இருக்கிறது, சேரும் தேதியை ஜூன் 15 ஆக மாற்ற முடியுமா?" என்பதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் பணிவு இல்லை. முதலாவது ஆபரைக் கொல்லலாம். இரண்டாவது கொல்லாது. அதனால் இரண்டு மெயில். முதலில் கேள்வி, பதில் வந்த பிறகு ஏற்பு.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஏற்று அனுப்பும்வரை ஆபரைத் திரும்பப் பெற கம்பெனிக்கு 5ஆவது பிரிவு இடம் தருது. ஏழு நாள் கெடு இருக்கிறதே என்று ஆறாவது நாள்வரை கேள்வியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நான் புதன்கிழமை காலையிலேயே கேட்டுவிட்டேன். மூன்று கேள்வி, மூன்று நம்பர், ஒவ்வொன்றும் ஒரு வரி. கேள்விக்கு மேலே, "இந்த வேலையில் சேர ஆவலாக இருக்கிறேன், ஏற்புக் கடிதம் அனுப்பும் முன் இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு வரி.

வியாழக்கிழமை எச்.ஆர். மேடம் போன் பண்ணினார். நல்லவர், எல்லாவற்றுக்கும் சரி என்றார். "அதெல்லாம் பிராப்ளம் இல்லம்மா, நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க." இதுதான் நிறைய பேர் கவிழும் இடம். போனில் பேசுவதும் சட்டப்படி ஒப்பந்தம் ஆகலாம். 1965இல் நம் சுப்ரீம் கோர்ட்டே கேடியா வழக்கில் டெலிபோன் ஒப்பந்தம் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அகமதாபாத்துக்கும் காம்காவ்ன் ஊருக்கும் இடையே பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வியாபாரம், போனில் பேசியது. ஆனால் ஒப்பந்தம் எந்த ஊரில் உருவானது என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் டெல்லிவரை போக வேண்டியிருந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது. ஜூன் மாதம் அந்த மேடம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால், புது எச்.ஆர். கையில் இருக்கப்போவது கையெழுத்துப் போட்ட லெட்டர் மட்டும்தான்.

மெர்ச்சன்டைசர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பையரிடம் போன் பேசி வைத்ததும், பேசியதை அப்படியே மெயிலில் அடித்து அனுப்பிவிடுவார்கள். நானும் போனை வைத்த பத்தாவது நிமிடம் அனுப்பினேன். "இன்று காலை போனில் நீங்கள் சொன்னபடி: சேரும் தேதி ஜூன் 15. அன்று ஏழு செமஸ்டர் மார்க் ஷீட்டும் கல்லூரியின் போனபைடும் போதும். புரொவிஷனல் சர்டிபிகேட் வந்தவுடன் தர வேண்டும். ஒரிஜினல்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவீர்கள். வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30, வாரம் ஆறு நாள். நான் புரிந்துகொண்டது சரிதானா? சரியென்றால் திருத்திய லெட்டர் அனுப்ப முடியுமா?" வெள்ளிக்கிழமை திருத்திய லெட்டர் வந்துவிட்டது.

ஒரிஜினல் விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவர் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் ஒரிஜினல்களை வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். வேறு இடத்தில் இன்டர்வியூ வந்தபோது சர்டிபிகேட்டைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டாலே போகப்போகிறார் என்று தெரிந்துவிடுமே. அவர் லெட்டரிலும் "ஒப்படைக்க வேண்டும்" என்றுதான் இருந்தது. "காட்ட வேண்டும்" என்பதற்கும் அதற்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

அடுத்து சம்பளம். லெட்டரில் வருட சி.டி.சி. 2,88,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 24,000. அம்மா அந்த 24,000ஐ வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பின்னிணைப்பைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,800 கம்பெனியின் பி.எப். பங்கு. அது சி.டி.சி.க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டி என்று 721. அதுவும் உள்ளேதான், பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் கைக்கு வரும். இரண்டையும் கழித்தால் மாத கிராஸ் 21,479. அதிலிருந்து என் பங்கு பி.எப். 1,800 போனால் 19,679. அரை வருடத்துக்கு ஒருமுறை தொழில் வரி தனி. அம்மா கணக்குப் போட்ட தொகைக்கும் பேங்கில் விழப்போகும் தொகைக்கும் 4,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். என் கிராஸ் 479 ரூபாய் அதிகம். அதனால் அப்பாவுக்கு இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி எனக்குக் கிடைக்காமல் போகலாம். குழு மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேட்டேன். டிரெய்னி காலத்தில் இல்லை என்று நேராகவே பதில் வந்தது. பரவாயில்லை. இல்லை என்று தெரிந்து ஒத்துக்கொள்வது ஒன்று, ஆஸ்பத்திரியில் போய்த் தெரிந்துகொள்வது இன்னொன்று.

சனிக்கிழமை காலை ஏற்பு மெயில் அனுப்பினேன். ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய மேடம், தாங்கள் இந்தத் தேதியிட்டு, இந்த எண்ணில் அனுப்பிய திருத்திய பணி ஆபர் கடிதத்தைப் படித்தேன். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிரெய்னி பணியை அக்கடிதத்தில் உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன். கடிதத்தின்படி மாத கிராஸ் 21,479 ரூபாய். பணியிடம் பெருமாநல்லூர் சாலை யூனிட். பயிற்சிக் காலம் ஆறு மாதம். ஜூன் 15 அன்று காலை 8.30 மணிக்கு அந்த யூனிட்டின் எச்.ஆர். அலுவலகத்தில் கடிதத்தில் குறித்த சான்றிதழ்களோடு வந்து சேர்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன். இது கிடைத்ததைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்."

இதில் கவனியுங்கள். "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரியில் "ஆனால்", "என்றால்", "என்று நம்புகிறேன்" எதுவும் இல்லை. பின்னால் வரும் விவரங்கள் எல்லாம் திருத்திய கடிதத்தில் ஏற்கெனவே உள்ளவை. புதிதாக எதையும் நுழைக்கவில்லை, அதனால் அது எதிர் ஆபர் ஆகாது. திரும்ப எழுதியதற்குக் காரணம் வேறு: நான் படித்த லெட்டரும் அவர்கள் பைலில் உள்ள லெட்டரும் ஒன்றா என்று அவர்களும் ஒருமுறை பார்க்கணும். பழைய ஜூன் 1 லெட்டரும் பைலில் இருக்கும் இல்லையா? கடிதத்தின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டதும் இதற்குத்தான். யூனிட் பெயரும் அப்படியே. இங்கே ஒரே கம்பெனிக்கு அவிநாசி ரோட்டில் ஒன்று, பல்லடத்தில் ஒன்று, தாராபுரம் ரோட்டில் ஒன்று என்று யூனிட் இருக்கும். எந்தக் கேட்டில் போய் நிற்பது?

ஏற்கும் விதத்தையும் பாருங்கள். அவர்கள் ஸ்கேன் காப்பி கேட்டால் ஸ்கேன் காப்பிதான் அனுப்பணும். ஆபரில் ஒரு முறை சொல்லியிருந்தால் அந்த முறையில்தான் ஏற்க வேண்டும் என்பதும் அதே 7ஆவது பிரிவுதான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. மெயிலில் அனுப்பினால் செல்லுமா என்ற சந்தேகம் வேண்டாம். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

தேதிக்காக நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் நமக்கு முந்தைய செட்டுகளிடமே இருக்கிறது. இன்போசிஸ் 2022 செட்டில் தேர்வு செய்த சுமார் 2,000 பேர் ஆபர் லெட்டர் கையில் வைத்துக்கொண்டு 2024 வரை சேரும் தேதிக்காகக் காத்திருந்ததாக நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. கொடுத்த ஆபர் எல்லாவற்றையும் மதிப்போம் என்று நிறுவனம் சொன்னது. பிறகு 2024 அக்டோபரில் சேரும்படி பலருக்குத் தேதியும் வந்தது. வந்ததுவரை சந்தோஷம். ஆனால் அந்த இரண்டு வருடம்? லெட்டரில் "சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்" என்று இருந்தால், நீங்கள் என்னதான் அழகாக ஏற்பு எழுதினாலும் நீங்கள் ஏற்றது அந்தப் "பின்னர்" என்பதையும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட லெட்டர் வந்தால், உத்தேசத் தேதியாவது எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். தரவில்லை என்றால் அது உறுதியான ஆர்டர் இல்லை, வெறும் என்கொயரி என்று நினைத்து மற்ற இன்டர்வியூக்களுக்கும் போய்க்கொண்டிருங்கள்.

என் லெட்டரிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அரியர் இல்லாமல் பாஸ் பண்ண வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, அது என் தலைவலி. பயிற்சிக் காலத்தில் இரண்டு பக்கமும் பதினைந்து நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. ஏற்பு மெயில் வேலையைக் காப்பாற்றும் கவசம் எல்லாம் இல்லை. என்ன பேசினோம் என்பதை மட்டும் காப்பாற்றும்.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு காகிதம் வந்தது இதுவே முதல் தடவை. அப்பா இருபத்திரண்டு வருடமாக பவர் டேபிள் டெய்லர். நாலு கம்பெனி மாறியிருக்கிறார். ஒன்றில்கூட நியமனக் கடிதம் கிடையாது. வீட்டுக் கடனுக்கு பேங்கில் கேட்டபோது சனிக்கிழமைச் சம்பளக் கவர்களைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தருவது கட்டாயம். இதை நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை.

என் திருத்திய லெட்டரை வாங்கி, வேலை நேரம் என்று போட்டிருந்த வரியை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கேட்டார்: "எங்க கம்பெனில இதைக் கேட்டு ஒரு லெட்டர் எழுதோணும்னா, அதுல 'ஆனால்' போடலாமா கூடாதாங்கண்ணு?"

கேட்பதற்குத் தாராளமாகப் போடலாம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதப்போகிறோம்.